சம்பா எந்தக் கட்டத்தில் வரும்? கலைத்திட்ட நோக்கத்தை வகுப்பறை வரை பின்தொடர்வது

பி.எட்., எம்.எட். படிப்பவர்களுக்குக் கலைத்திட்டத் தாளில் அடிக்கடி வரும் ஒப்படைப்பு இது: தேசியக் கலைத்திட்ட ஆவணம் சொல்லும் நோக்கங்களை எடுத்துக்கொண்டு, வகுப்பறையில் நடப்பதோடு ஒப்பிட்டு எழுதுக. பெரும்பாலும் எழுதி வருவது ஒரே மாதிரி இருக்கும். முதல் எட்டுப் பக்கம் ஆவணத்தின் சுருக்கம், அடுத்த இரண்டு பக்கம் “ஆனால் நடைமுறையில் மனப்பாட முறையே உள்ளது”, கடைசிப் பக்கம் பரிந்துரைகள். பள்ளிக்கே போகாமல் எழுதிவிடலாம். போகாமல் எழுதியது என்பது திருத்துபவருக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்தும்விடும்.

இதைச் சரியாகச் செய்ய ஒரு நோக்கம், ஒரு பாடம், ஒரு பள்ளி போதும். அந்த ஒன்றை ஆவணத்திலிருந்து மாணவரின் நோட்டு வரை விடாமல் பின்தொடர வேண்டும். டெல்டா மாவட்டத்துப் பள்ளி ஒன்றை வைத்து அதைப் பார்ப்போம்.

முதலில் எந்த ஆவணம் என்று முடிவு செய்ய வேண்டும். தேசிய அளவில் இப்போது இரண்டு கையில் கிடைக்கின்றன: யஷ்பால் தலைமையிலான குழு தயாரித்த 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ ஒட்டி 2023இல் வந்த பள்ளிக் கல்விக்கான வடிவமைப்பு. புதியதுதான் நல்லது என்று 2023ஐ எடுத்துக்கொண்டு மன்னார்குடிப் பக்கத்து அரசுப் பள்ளிக்குள் நுழைந்தால் அடிப்படையே ஆட்டம் காணும். தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025இல் தனக்கென ஒரு மாநிலக் கல்விக் கொள்கையையும் வெளியிட்டுவிட்டது. தன்னைக் கட்டுப்படுத்தாத ஆவணத்தின்படி ஓர் ஆசிரியர் நடக்கவில்லை என்று எழுதுவதில் பொருளில்லை. 2023தான் வேண்டும் என்றால் சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போங்கள்.

2005ஐ எடுத்தாலும் அது நேராக வகுப்பறைக்கு வருவதில்லை. கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில் இருக்கிறது. தேசிய வடிவமைப்பு வழிகாட்டும். மாநிலம் தன் கலைத்திட்டத்தைத் தானே செய்துகொள்ளும். தமிழ்நாட்டில் 2017இல் புதிய கலைத்திட்ட வேலை தொடங்கி, 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. ஆகவே சங்கிலி இப்படிப் போகிறது: தேசிய ஆவணம், மாநிலக் கலைத்திட்டம், பாடநூல், ஆசிரியரின் பாடக்குறிப்பு, வகுப்பு, தேர்வுத்தாள், மாணவரின் மனதில் தங்குவது. கல்வியியலாளர் குட்லாட் 1979இல் கலைத்திட்டத்தை ஐந்து தளங்களாகப் பிரித்தது இதற்குத்தான் உதவும்: இலட்சியமாக நினைத்தது, எழுத்தில் வந்தது, ஆசிரியர் புரிந்துகொண்டது, வகுப்பில் நடந்தது, மாணவர் அனுபவித்தது. ஒப்படைப்பின் கேள்வியையும் மாற்றிக்கொள்ளுங்கள். “இடைவெளி உண்டா?” என்று கேட்டால் பதில் எப்போதும் “உண்டு”தான். “எந்தக் கண்ணியில் அறுந்தது?” என்று கேட்டால்தான் தேட வேலை இருக்கும்.

இனி நோக்கம். 2005 ஆவணம் ஐந்து வழிகாட்டும் கொள்கைகளைச் சொல்கிறது: அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைத்தல், மனப்பாட முறையிலிருந்து விலகுதல், பாடநூலைத் தாண்டிக் கலைத்திட்டத்தை விரித்தல், தேர்வை நெகிழ்வாக்கி வகுப்பறை வாழ்வோடு சேர்த்தல், மக்களாட்சிக்குள் அக்கறையோடு கூடிய அடையாளத்தை வளர்த்தல். ஐந்தையும் எடுத்தால் ஐந்தும் மேலோட்டமாகப் போகும். நாம் முதலாவதை எடுப்போம்.

“வாழ்க்கையோடு இணைத்தல்” என்பதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தால் எதுவும் தெரியாது. ஆவணத்திலேயே அது விரியும் இடத்துக்குப் போக வேண்டும். கற்றலும் அறிவும் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தில் குழந்தைகளின் அறிவையும் உள்ளூர் அறிவையும் பற்றிய பகுதி இருக்கிறது. அதே ஆவணம் உள்ளூர் அறிவு எல்லாவற்றையும் அரசமைப்பின் விழுமியங்கள் வழியாகவே ஏற்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கிறது. இந்த நிபந்தனையை ஒப்படைப்பு எழுதுபவர்கள் பெரும்பாலும் படிப்பதே இல்லை. டெல்டாவில் இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

படித்த பிறகு நோக்கத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய மூன்று கேள்விகளாக உடைத்துக்கொள்ளலாம். பாடநூல் பக்கத்தில் உள்ளூர் விஷயத்துக்கு இடம் இருக்கிறதா? வகுப்பில் வெளியுலகம் யார் வாயிலாக வருகிறது, வந்தபின் அதற்கு என்ன ஆகிறது? தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டா? இந்த மூன்றுக்கும் சான்று கிடைத்தால் ஒப்படைப்பு பாதி முடிந்த மாதிரி.

பாடமாகப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் இந்திய வேளாண்மையை எடுப்போம். டெல்டாவில் இந்த நோக்கத்தைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. அதில் பயிர்ப் பருவ அட்டவணை ஒன்று உண்டு: காரிப் ஜூன் முதல் செப்டம்பர், ராபி அக்டோபர் முதல் மார்ச், சையத் ஏப்ரல் முதல் ஜூன். இந்திய அளவில் சரியான பிரிவுதான். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வீட்டில் பேசுவது குறுவை, சம்பா, தாளடி. குறுவை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வாக்கில் அறுப்புக்கு வரும். காரிப் கட்டத்தில் ஓரளவு உட்கார்ந்துவிடும். சம்பா ஆகஸ்டில் நாற்றுவிட்டு, புரட்டாசி வாக்கில் நடவு முடிந்து, தையில் அறுக்கிற நீண்டகாலப் பயிர். காரிப்பில் கால் வைத்து ராபியில் தலை வைத்துப் படுத்திருக்கும். தாளடி, குறுவை அறுத்த வயலிலேயே அடுத்துப் போடுவது. அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். அது எந்தக் கட்டத்திலும் சரியாக அடங்காது.

இதற்குக் காரணமும் உண்டு. அந்த அட்டவணை தென்மேற்குப் பருவமழையின் கணக்கை ஒட்டியது. இங்கே குறுவை மேட்டூர் அணைத் தண்ணீரை நம்பியது. அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12ஐ ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். ஆகவே வெளியுலகை இங்கே இணைப்பது என்பது பாடத்துக்கு ஓர் உதாரணம் சேர்ப்பதோடு முடியாது. இணைத்தால் அட்டவணையே ஆட்டம் காணும். நோக்கம் உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க இப்படிப்பட்ட இடம்தான் வேண்டும்.

வகுப்புக்குள் போவதற்கு முன் பாடநூலை முழுதாகப் புரட்டிவிடுங்கள். அதே புத்தகத்தில் தமிழ்நாட்டுப் புவியியல் தனியாகப் பல பாடங்கள் தள்ளி வருகிறது. சம்பா பட்டம் அங்கே இருக்கிறது. ஆகவே “பாடநூல் உள்ளூரை மறந்துவிட்டது” என்று எழுதினால் தவறு. மறக்கவில்லை, இரண்டையும் ஒன்றோடொன்று பேசவிடாமல் வைத்திருக்கிறது என்பதுதான் துல்லியமான கூற்று. இதைக் கவனிக்காமல் விட்டால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அனுமதி வாங்குவது வழக்கமான விஷயம்: கல்லூரிக் கடிதம், தலைமையாசிரியர் கையெழுத்து, படம் எடுத்தால் முகம் வராமல் நோட்டுப் பக்கம் மட்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதே பாடத்தின் மூன்று பாடவேளைகளாவது தொடர்ந்து உட்காருங்கள். முதல் நாள் உங்களுக்காக நடக்கும் வகுப்பு. புது சார்ட் தொங்கும், குழுச் செயல்பாடு நடக்கும். அது வழக்கமா, விருந்தாளிக்கு வைத்த விசேஷச் சாப்பாடா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குழுவாக உட்காரச் சொன்னதும் பிள்ளைகள் பெஞ்சை எப்படித் திருப்புவது என்று ஒருவரையொருவர் பார்த்தால் அது புதிது. சார்ட்டை மாட்ட ஆணி தேடினால் அதுவும் புதிது. சந்தேகம் இருந்தால் நோட்டில் முந்தைய மூன்று வாரத்தைப் பாருங்கள்; அங்கே வெறும் வினா-விடை மட்டும் இருந்தால் விடை தெரிந்துவிட்டது.

கவனிக்கும் கருவி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் வகுப்பறைப் பேச்சை வகைபிரித்து எண்ணும் ஃப்ளாண்டர்ஸ் முறையை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். மூன்று வினாடிக்கு ஒரு குறி, பத்து வகைகள். ஆசிரியர் பேச்சு இத்தனை சதவீதம், மாணவர் பேச்சு இத்தனை என்று எண் வந்துவிடும். பார்க்க அறிவியல் மாதிரி இருக்கும். ஆனால் நம் கேள்விக்கு அது பதில் சொல்லாது. ஒரு பையன் “சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?” என்று தானாகக் கேட்பதும், “சார், சம்பா எதுல வரும்?” என்று கேட்பதும் அதில் ஒரே வகைக்குள் விழும். பேச்சின் அளவு தெரியும், பேச்சில் என்ன இருந்தது என்று தெரியாது.

அதற்குப் பதில் இரண்டு வேலை செய்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன நடக்கிறது என்று இரண்டு வரி எழுதிக்கொள்வது ஒன்று. வெளியுலகம் வகுப்புக்குள் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு தருணத்தையும் நேரத்தோடு, சொன்ன சொல்லோடு குறித்து, அதற்கு 1 முதல் 3 வரை ஓர் எண் போடுவது இன்னொன்று. ஆசிரியரே ஓர் உள்ளூர் உதாரணம் சொல்லிவிட்டு நகர்ந்தால் 1. மாணவர் கொண்டுவந்து, ஆசிரியர் ஆமென்றோ இல்லையென்றோ சொல்லி நகர்ந்தால் 2. அந்த விஷயத்தை வைத்தே பாடக் கருத்தைச் சோதித்தாலோ, திருத்தினாலோ, விரித்தாலோ 3. எண்ணை வகுப்பிலேயே போடாதீர்கள். சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு வெளியே வந்து போடுங்கள். முடிந்தால் உடன் படிக்கும் ஒருவரிடம் அந்தச் சொற்களைக் கொடுத்து எண் போடச் சொல்லுங்கள். 1க்கும் 2க்கும் பெரும்பாலும் சண்டை வராது. 2க்கும் 3க்கும் வரும். எங்கே வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதினால் அதற்கே தனி மதிப்பு உண்டு.

விளக்கத்துக்காக ஒரு நாற்பது நிமிடப் பாடவேளையை வைத்துக்கொள்வோம். ஆகஸ்டு மாதம், சன்னலுக்கு வெளியே நாற்றங்கால். முதல் நான்கு நிமிடம் வருகையும் முந்தைய நாள் ஒரு மதிப்பெண் வினாக்களும். பதினைந்து நிமிடம் ஒரு மாணவி வாசிக்க, ஆசிரியர் நிறுத்தி நிறுத்தி விளக்கி, முக்கிய வரிகளை அடிக்கோடிடச் சொல்கிறார். அப்புறம் அட்டவணை. 22ஆம் நிமிடத்தில் கடைசிப் பெஞ்சிலிருந்து:

“சார், அப்ப சம்பா காரிப்பா, ராபியா?”

வகுப்பில் சிரிப்பு. ஆசிரியரும் சிரிக்கிறார். “நல்ல கேள்விடா. ரெண்டுலயும் வரும்னு வச்சுக்க. பரீட்சைல காரிப்னு போட்டுரு. சரி, சையத் எந்த மாசம்?”

அடுத்த பன்னிரண்டு நிமிடம் கரும்பலகையில் ஐந்து மதிப்பெண் விடை, எல்லோரும் எழுதுகிறார்கள். கடைசியில் புக் பேக் வினாக்கள். தருணங்களை எண்ணினால் ஐந்து வருகிறது: மூன்று முறை ஆசிரியர் உதாரணம் சொன்னது, இரண்டு முறை மாணவர் கொண்டுவந்தது. 3 என்ற எண் ஒருமுறைகூட விழவில்லை.

இந்த இடத்தில்தான் ஒப்படைப்புகள் வழுக்கி விழுகின்றன. “ஆசிரியர் மாணவரின் கேள்வியைப் புறக்கணித்தார்” என்று எழுதிவிடுவார்கள். அவர் புறக்கணிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார், பதிலும் சொன்னார். கேள்வி அட்டவணையைத் தொட அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால் இருபது வினாடிகூட இல்லை. இந்த இருபது வினாடிதான் உங்கள் ஒப்படைப்பின் மையம். அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதுங்கள். “ஊடாட்டம் நடைபெற்றது” என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

ஏன் அப்படி நடந்தது என்று ஆசிரியரிடமே கேட்க வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். “தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு தெரியுமா சார்?” என்று ஆரம்பித்தால் உங்களை ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்துக்கொள்வார், கேட்டவரையில் எல்லாம் நன்றாக நடக்கிறது என்பதே பதிலாக வரும். அந்தத் தருணத்திலிருந்து ஆரம்பியுங்கள்: “சம்பா பத்திக் கேட்டான்ல சார், அப்புறம் ஏன் சையத்துக்குப் போனீங்க?” அப்போது வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

“அதப் பேச ஆரம்பிச்சா ஒரு பீரியட் ஓடிடும்மா. காலாண்டுக்குள்ள போர்ஷன் முடிக்கணும். அதுவும் இல்லாம, அவன் சம்பா ரெண்டுலயும் வரும்னு எழுதி வச்சா, வேற ஊர்ல பேப்பர் திருத்துறவரு கீயப் பார்த்துத்தானே மார்க் போடுவாரு?”

இந்த ஒரு பதிலில் இரண்டு கண்ணிகள் தெரிகின்றன. ஒன்று நேரம். இன்னொன்று பொதுத்தேர்வு: யாரோ முகம் தெரியாத ஒருவர், விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு, இந்த ஊரைத் தெரியாமல் திருத்துவது. ஆசிரியருக்கு நோக்கம் புரியாமல் இல்லை; நன்றாகவே புரிந்திருக்கிறது. குட்லாட்டின் மூன்றாம் தளம் அறுபடவில்லை, நான்காம் தளத்தில்தான் அறுந்திருக்கிறது. அறுத்தது ஐந்து கொள்கைகளில் நான்காவது கேட்ட மாற்றம் நடக்காமல் போனது. முதல் நோக்கம் தோற்றதற்கு நான்காவது நோக்கம் நிறைவேறாததே காரணம் என்று ஒரு வாதம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இதை ஆவணச் சுருக்கத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது.

வாதம் தாங்குமா என்று சோதிக்க வேண்டும். தேர்வுதான் காரணம் என்றால் தேர்வு இல்லாத இடத்தில் நிலைமை மாற வேண்டும். அதே பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பாடவேளை உட்காருங்கள். அங்கே பொதுத்தேர்வு கிடையாது. அங்கும் எண் 3 விழவில்லை என்றால் காரணம் தேர்வு மட்டும் இல்லை. ஆசிரியரின் பழக்கமோ பாடநூலின் அமைப்போ சேர்ந்திருக்கிறது. விழுந்தால் உங்கள் வாதம் வலுக்கும். எது வந்தாலும் எழுதுங்கள்.

நோட்டும் வினாத்தாளும் அரை மணி நேர வேலை. நன்றாகப் படிப்பவர், நடுத்தரம், தடுமாறுபவர் என்று ஆறு நோட்டுகளை வாங்கி, அதே ஐந்து மதிப்பெண் விடையைப் பாருங்கள். ஆறிலும் ஒரே வரிசையில் ஒரே சொற்கள் இருந்தால், பிழைகூட ஒரே இடத்தில் இருந்தால், அது கரும்பலகையிலிருந்து வந்தது. கடைசியாக நடந்த பருவத் தேர்வு வினாத்தாளை எடுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் பாடநூல் வரியை மட்டும் வைத்து முழு மதிப்பெண் வாங்க முடியுமா என்று குறியுங்கள். உள்ளூர் அறிவு இருந்தால் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் வினா ஒன்றாவது இருக்கிறதா என்பதும் முக்கியம். இருப்பதுபோல் தோன்றும் “உன் பகுதியில் விளையும் பயிர்கள்” வகை வினாவுக்கு விடைக்குறிப்பு என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். பட்டியல் அங்கே முன்கூட்டியே அச்சாகியிருக்கலாம்.

கடைசியாகப் பிள்ளைகள். மூன்று பேரிடம் மரத்தடியில் பத்து நிமிடம் பேசினால் போதும். சம்பா எப்போது அறுப்பார்கள் என்று கேளுங்கள், தை என்பார்கள். நெல் எந்தப் பருவம் என்று கேளுங்கள், காரிப் என்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படி ஒத்துவரும் என்று கேட்டால், “அது வீட்டுல, இது பரீட்சைல” என்பது மாதிரி ஒரு பதில் வரும். அந்தப் பிள்ளையிடம் அறிவுக் குறை எதுவும் இல்லை. இரண்டு அறிவையும் தனித்தனிப் பானையில் வைத்துக்கொள்ளப் பள்ளியே கற்றுக்கொடுத்திருக்கிறது. பாடத்திட்டத்தில் எழுதாமல் வகுப்பு கற்பிக்கும் இதைத்தான் மறைமுகக் கலைத்திட்டம் என்கிறார்கள். அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஒப்படைப்பில் இதைவிடத் தகுதியான இடம் இல்லை.

முன்னால் விட்டுவைத்த நிபந்தனைக்கு வருவோம். “வாழ்க்கையோடு இணைத்தல்” என்றால் யாருடைய வாழ்க்கை? அதே வகுப்பில் வேலிக் கணக்கில் நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளையும் இருக்கும், அந்த நிலத்தில் நாற்றுப் பறித்து நடவு நடுகிற அம்மாவின் பிள்ளையும் இருக்கும். ஆசிரியர் “உங்க வீட்டு வயல்ல” என்று ஆரம்பித்தால் முதல் பிள்ளை கை தூக்கும், இரண்டாவது பிள்ளை குனிந்துகொள்ளும். கவனிக்கும்போது யார் கை தூக்கினார்கள் என்று மட்டும் எழுதாமல், யார் தூக்கவில்லை என்றும் பெஞ்சு வரிசைப்படி குறித்துக்கொள்ளுங்கள். பாடத்தில் மண் வகை இருக்கும், பாசன வகை இருக்கும், மகசூல் இருக்கும். நடவுக் கூலி இருக்காது, கூலியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் இருக்காது. ஐஸ்னர் சொன்ன இன்மைக் கலைத்திட்டம் இதுதான்: கற்பிக்காமல் விடுவதும் ஒரு பாடமே. அரசமைப்பின் விழுமியங்கள் வழியாக ஏற்க வேண்டும் என்று ஆவணம் சொன்னது இந்த இடத்தைத் தொடுகிறது. ஆனால் வகுப்பில் அதை எப்படிச் செய்வது என்று அது விரித்துச் சொல்லவில்லை. ஆவணத்தின் குறை என்று எழுத வேண்டிய இடமும் இதுதான். குறை எப்போதும் வகுப்பறைப் பக்கமே இருக்கும் என்ற முன்முடிவு வேண்டாம்.

எழுதும்போது ஆவணச் சுருக்கத்துக்கு ஒரு பக்கம் போதும். சங்கிலிக்கு ஒரு பக்கம், கவனிப்புக்கு மூன்று, காரணத் தேடலுக்கு மூன்று. ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டு “தமிழகப் பள்ளிகளில்” என்று வாக்கியத்தைத் தொடங்காதீர்கள். “கவனித்த மூன்று பாடவேளைகளில்” என்று தொடங்குங்கள். பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வேண்டாம். “திருவாரூர் மாவட்டத்து உயர்நிலைப் பள்ளி ஒன்று” என்பதே போதுமானது. சின்ன ஊரில் வகுப்பையும் பாடத்தையும் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்பதால், தேர்வு பற்றி ஆசிரியர் மனம்விட்டுச் சொன்னதை மேற்கோளாகப் போடும் முன் அவரிடம் ஒருமுறை படித்துக்காட்டிவிடுங்கள். சிலர் ஒரு வரியை எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள். சிலர் அதைவிடக் கூர்மையாக இன்னொரு வரி சேர்த்துச் சொல்வார்கள்.

பரிந்துரைப் பகுதியில் “ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும்” என்று எழுதும் ஆசை வரும். இங்கே ஆசிரியருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை என்று நீங்களே நிறுவியிருக்கிறீர்கள். ஆகவே அந்தப் பரிந்துரை உங்கள் சான்றுக்கே முரண். சான்றிலிருந்து வருவது சின்னதாக இருக்கும்: பருவ அட்டவணைக்குக் கீழே “உன் ஊர்ப் பட்டங்களை இதில் எங்கே வைப்பாய், ஏன்?” என்று ஒரு வினா, அதற்கு விடைக்குறிப்பில் “காரணம் பொருந்தினால் முழு மதிப்பெண்” என்று ஒரு வரி. பின்னிணைப்பில் நீங்கள் வகுப்பில் உட்கார்ந்து கிறுக்கிய அசல் குறிப்புத் தாள்களையே வையுங்கள், அடித்தல் திருத்தலோடு. தட்டச்சு செய்து அழகுபடுத்திய நகல் வேண்டாம்.